ப்ரீபிரிண்ட் கட்டுரையை எப்படிப் படிப்பது: தண்டையார்பேட்டையில் கேட்கப்பட்ட கேள்விகள்

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிறேன். நர்சிங் படிப்பவர்கள், லேப் டெக்னீஷியன் படிப்பவர்கள், சில சமயம் அவர்களுடைய அப்பா அம்மா என்று வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பகுதி ஒரே ஒரு கட்டுரையைச் சுற்றித்தான் வரும். பத்துக் கட்டுரையை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை முழுதாகப் பிரித்துப் பார்த்தால்தான் கை பழகும்.

அக்கா, ப்ரீபிரிண்ட்னா என்ன? ஜர்னல்ல வர்ற கட்டுரைதானே அதுவும்?

கட்டுரை அதேதான், ஆனால் இன்னும் யாரும் சோதித்துப் பார்க்காத நிலையில் இருக்கிறது. ஆய்வாளர் ஒருவர் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பினால் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் படித்துக் கேள்வி கேட்பார்கள், திருத்தச் சொல்வார்கள். மாதக்கணக்கில் ஆகும். அதற்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி பொது இடத்தில் ஏற்றி வைத்தால் அதுதான் ப்ரீபிரிண்ட். இயற்பியலில் 1991 முதலே arXiv இருக்கிறது. உயிரியலுக்கு bioRxiv 2013இல் வந்தது, மருத்துவத்துக்கு medRxiv 2019இல்தான் வந்தது. மூன்றிலும் கடைசிப் பகுதியை ‘ஆர்க்கைவ்’ என்று படிக்க வேண்டும்.

யாராவது பார்த்துத்தானே ஏத்துவாங்க? சும்மா யார் வேணா போட்டுட முடியுமா?

பார்ப்பார்கள், ஆனால் அது வாசற்படியில் பார்ப்பது மாதிரி. இது ஆய்வுக் கட்டுரைதானா, வேறு இடத்திலிருந்து நகல் எடுத்ததா, வெளியே விட்டால் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து வருமா என்று பார்ப்பார்கள். கணக்கு சரியா, முடிவு தரவிலிருந்து வருகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. அதை அவர்களே பக்கத்தின் மேலே எழுதியும் வைத்திருக்கிறார்கள்: இது மதிப்பாய்வு செய்யப்படாதது, சிகிச்சைக்கு வழிகாட்டியாகப் பயன்படுத்தக் கூடாது என்று.

2020 ஜனவரி 31 அன்று bioRxivஇல் டெல்லி ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. புதிய கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்தில் எச்ஐவியை ஒத்த நான்கு துண்டுகள் செருகப்பட்டிருப்பதுபோல் இருக்கிறது என்றது. ஒரே நாளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்தத் துண்டுகள் மிகச் சிறியவை. அவ்வளவு சிறிய வரிசையை எடுத்துத் தேடினால் வேறு எத்தனையோ உயிர்களிலும் வைரஸ்களிலும் கிடைக்கும். மற்ற ஆய்வாளர்கள் கருத்துப் பகுதியிலேயே இதைக் காட்ட, எழுதியவர்கள் இரண்டு நாளில் திரும்பப் பெற்றார்கள். வாசற்படியில் பார்த்தவர்கள் மேல் தவறு சொல்ல முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

லிங்க் வந்ததும் முதல்ல எங்கே பார்க்கணும்?

முகவரியின் கடைசி எழுத்தைப் பாருங்கள். நாம் பிரித்துப் பார்க்கப்போகும் கட்டுரையின் முகவரி இது:

```
https://www.medrxiv.org/content/10.1101/2020.04.14.20062463v1
```

கடைசியில் `v1` என்று இருக்கிறதே, அது முதல் பதிப்பு. திருத்தி ஏற்றினால் `v2`, `v3` என்று போகும். பழைய பதிப்பு அழியாது, அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் `v1`. அதற்குள் `v2` வந்து எண்களே மாறியிருக்கும், அனுப்பியவருக்குத் தெரியாது. பக்கத்தில் `Info/History` என்ற இடத்தைத் தட்டினால் எல்லாப் பதிப்பும் தேதியோடு வரிசையாக வரும். ஜர்னலில் வெளியாகியிருந்தால் `Now published in` என்று மேலே வரும். திரும்பப் பெற்றிருந்தால் அதையும் அங்கேயே எழுதியிருப்பார்கள். மொத்தம் அரை நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் கட்டுரைக்குள் போகாதீர்கள்.

ஒரு கட்டுரையை எடுத்து நீங்க எப்படிப் படிப்பீங்கன்னு காட்டுங்களேன்.

மேலே கொடுத்த முகவரியையே எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா கவுன்டியில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்த ஆன்டிபாடி ஆய்வு. எத்தனை பேருக்கு ஏற்கெனவே கொரோனா வந்து போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

3,330 பேருக்கு விரலில் குத்தி ரத்தம் எடுத்து ஸ்ட்ரிப்பில் பார்த்தார்கள். 50 பேருக்கு பாசிட்டிவ். அதாவது 1.5%. பிறகு, வந்தவர்கள் கவுன்டி மக்களின் சரியான கலவை இல்லை என்பதால் பகுதி, பாலினம், இனம் பார்த்து, குறைவாக வந்த பிரிவினருக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுத்தார்கள். அது 2.8% ஆனது. அதன்மேல் ஸ்ட்ரிப்பின் பிழையையும் சேர்த்துத் திருத்தினார்கள், 2.49 முதல் 4.16% வரை என்றார்கள். கவுன்டி முழுவதற்கும் பெருக்கினால் 48,000 முதல் 81,000 பேர். அந்தச் சமயத்தில் அரசுக் கணக்கில் இருந்ததைப்போல் 50 முதல் 85 மடங்கு. தொற்றியவர்கள் இவ்வளவு பேர் என்றால் இறப்பு விகிதம் 0.12 முதல் 0.2% மட்டுமே என்றும் சொன்னார்கள்.

செய்திகளில் கடைசி வரி மட்டும்தான் வந்தது. நானும் அதைப் படித்துவிட்டு எங்கள் குடும்பக் குழுவில் ‘நாம் நினைத்த அளவு பயமில்லை’ என்று அனுப்பினேன். அப்போது இங்கே ராயபுரம் மண்டலத்தில் தொற்று ஏறிக்கொண்டிருந்தது. லேபில் வேலை செய்த நான் அந்த ஸ்ட்ரிப்பின் பிழையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பியது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் எப்போதும் இந்தக் கட்டுரையில் தொடங்குகிறேன்.

நான் செய்திருக்க வேண்டியது இதுதான். சுருக்கத்தை விட்டுவிட்டு ‘முறைகள்’ பகுதிக்குப் போய் இரண்டு கேள்விக்கு விடை தேடியிருக்க வேண்டும். பரிசோதனைக்கு வந்தவர்கள் எப்படி வந்தார்கள்? அந்த ஸ்ட்ரிப் எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது?

முதல் கேள்விக்கு விடை: ஃபேஸ்புக் விளம்பரம். அந்தச் சமயத்தில் அங்கே டெஸ்ட் கிடைப்பதே கஷ்டம். பிப்ரவரியில் காய்ச்சலும் இருமலும் வந்து ‘எனக்கு அதுதான் வந்ததோ’ என்று சந்தேகப்பட்டவர்தான் காரை எடுத்துக்கொண்டு முதலில் வந்து நிற்பார். ஒன்றும் வராதவர் அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுவார். அப்படியானால் 50 என்பதே கொஞ்சம் தூக்கலான எண். எவ்வளவு தூக்கல் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது, எடை கொடுத்தாலும் இது சரியாகாது. பகுதிக்கும் பாலினத்துக்கும் எடை கொடுக்கலாம், சந்தேகத்துக்கு எடை கொடுக்க முடியாதே.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஸ்ட்ரிப் 99.5% சரின்னு கட்டுரையிலேயே இருக்கே. அது நல்ல டெஸ்ட்தானே?

நல்ல டெஸ்ட்தான். ஆனால் எங்கே பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அந்த அரை சதவீதம் சிறியதாகவோ பெரியதாகவோ ஆகும்.

நோய் வராதவரை ‘நெகட்டிவ்’ என்று சரியாகச் சொல்லும் திறனுக்கு ஸ்பெசிபிசிட்டி என்று பெயர். இந்த ஸ்ட்ரிப்பை, கொரோனா வந்திருக்கவே முடியாது என்று தெரிந்த ரத்தத்தில் போட்டுப் பார்த்தார்கள். தயாரித்தவர்களின் சோதனையில் 371இல் 369 நெகட்டிவ். ஸ்டான்ஃபோர்டில் 30க்கு 30. மொத்தம் 401இல் 399. அதாவது இரண்டு பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டியது. 399ஐ 401ஆல் வகுத்தால் 99.5%.

இப்போது 3,330 பேரில் ஒருவருக்குக்கூட கொரோனா வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை சதவீதம் தவறு என்றால் 17 பேருக்கு ஸ்ட்ரிப் பாசிட்டிவ் காட்டும். கிடைத்தது 50. மீதி 33 பேர் நிஜம் என்று தோன்றும்.

ஆனால் அந்த அரை சதவீதம் உறுதியான எண்ணா? இரண்டே இரண்டு தவறை வைத்து வந்தது அது. வேறு 401 பேரை எடுத்திருந்தால் தவறு ஒன்றாக இருந்திருக்கலாம், ஐந்தாகவும் இருந்திருக்கலாம். காசிமேட்டில் ஒரு கூடை மீனில் இரண்டு கெட்டுப்போயிருந்தால் படகு முழுக்க எத்தனை கெட்டிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியுமா? அதே கதைதான். புள்ளியியலில் இந்த ஆட்டத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. R என்ற இலவச மென்பொருளில் ஒரே வரி:

```
binom.test(399, 401)
```

வரும் விடை: உண்மையான திறன் 98.2% முதல் 99.9% வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கீழ் எல்லையை எடுத்தால் தவறு 1.8%. 3,330இல் 1.8% என்றால் 60 பேர்.

கிடைத்ததே 50தான். ஆக, அந்த 50 பேரும் தவறான பாசிட்டிவாக இருப்பதற்கு இடம் இருக்கிறது. எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. `v1`இல் இருந்த 401 மாதிரியை வைத்துக்கொண்டு ‘குறைந்தது 2.49%’ என்று எழுத முடியாது என்றுதான் சொல்கிறேன். கட்டுரை வந்த சில நாட்களிலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் உட்படப் பலர் இதே கணக்கைப் பொதுவில் எழுதிக் காட்டினார்கள்.

எங்ககிட்ட கம்ப்யூட்டர் இல்ல. போன்ல கணக்குப் போட ஏதாவது வழி இருக்கா?

ஒரு சின்ன வழி இருக்கிறது. தவறே வரவில்லை என்று சொன்னால் 3ஐ, சோதித்த எண்ணிக்கையால் வகுங்கள். ஸ்டான்ஃபோர்டு 30 பேரைச் சோதித்து ஒரு தவறும் வரவில்லை என்றதே, 3ஐ 30ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. அதாவது அந்த 30 பேரை மட்டும் வைத்துப் பார்த்தால், தவறு 10% வரை இருந்தாலும் நமக்குத் தெரிந்திருக்காது. ‘நூற்றுக்கு நூறு சரியாக வந்தது’ என்ற வரியைப் பார்த்தால் எத்தனை பேரிடம் என்று உடனே கேளுங்கள். 300 பேர் என்றால் தவறு 1% வரை போகலாம். மருந்தின் பக்கவிளைவுக்கும் இதே கணக்குதான்.

நம்ம தண்டையார்பேட்டையில 44% பேருக்கு வந்து போச்சுன்னு 2020ல சொன்னாங்களே. அதுவும் இப்படித்தான் தப்பா?

நல்ல கேள்வி. இதைக் கேட்டால்தான் மேலே சொன்ன கணக்கு முழுதாகப் புரியும்.

2020 ஜூலையில் சென்னை மாநகராட்சியும் ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் எடுத்த கணக்கு அது. 12,405 பேரைச் சோதித்ததில் 2,673 பேருக்கு ஆன்டிபாடி இருந்தது, 21.5%. மண்டலங்களில் தண்டையார்பேட்டைதான் மேலே, சுமார் 44%. மாதவரம்தான் கீழே, 7% அளவில்.

இங்கே பயன்படுத்திய பரிசோதனை வேறு. ஆனாலும் சாண்டா கிளாரா ஸ்ட்ரிப்பின் மோசமான எல்லையான 1.8% தவறு இங்கேயும் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். 12,405இல் அது 223 பேர். 2,673இலிருந்து 223ஐக் கழித்தாலும் 2,450 மிச்சம். படம் பெரிதாக மாறவில்லை. சாண்டா கிளாராவில் அதே தவறு மொத்தத்தையும் விழுங்கிவிட்டது. நோய் அரிதாக இருக்கும் இடத்தில் டெஸ்டின் சின்னத் தவறு பெரிதாகத் தெரியும், பரவலாக இருக்கும் இடத்தில் அது கலந்து மறைந்துவிடும். ஒரே டெஸ்ட்தான், ஊர் மாறியதும் அதன் நம்பகம் மாறுகிறது.

இன்னொன்றும் உண்டு. இங்கே ஆட்களை விளம்பரம் போட்டுக் கூப்பிடவில்லை, பகுதிகளைத் தேர்ந்து வீடுகளுக்குப் போய் எடுத்தார்கள். பிறகு ஜர்னலில் வந்த கட்டுரையில் எடை கொடுத்துக் கணக்கிட்ட எண் 18.4% என்று வந்தது, 14.8 முதல் 22.6 வரை என்ற எல்லைகளோடு. முதலில் செய்தியில் வந்த 21.5ம் இந்த 18.4ம் முரண்படவில்லை. முதலாவது எண்ணிப் பார்த்தது, இரண்டாவது நகரத்தின் மக்கள்தொகைக்குப் பொருத்தியது.

அந்த அமெரிக்கக் கட்டுரை கடைசியில என்ன ஆச்சு? வாபஸ் வாங்கிட்டாங்களா?

இல்லை, திருத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் `v2` வந்தது. ஸ்ட்ரிப்பைச் சோதித்த மாதிரிகள் 401இலிருந்து 3,324 ஆனது. பல இடங்களில் நடந்த சோதனைகளைத் திரட்டிச் சேர்த்திருந்தார்கள். இந்த முறை மதிப்பீடு 2.8%, கீழ் எல்லை 1.3%. முதல் பதிப்பில் 2.49க்குக் கீழே போகாது என்றவர்கள், இரண்டாவதில் அதில் பாதிவரை போகலாம் என்றார்கள். 2021இல் அது ஒரு தொற்றுநோயியல் ஜர்னலிலும் வந்தது. ஆள் சேர்த்த விதத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது, அதைப் பின்னால் சரிசெய்யவும் முடியாது.

ப்ரீபிரிண்ட் முறை எனக்குப் பிடித்திருப்பதற்கும் இதுதான் காரணம். பூட்டிய அறைக்குள் இரண்டு பேர் மட்டும் படித்திருந்தால் அந்த 401 அவர்கள் கண்ணில் படாமலே போயிருக்கலாம். பொதுவில் இருந்ததால் எத்தனையோ பேர் பார்த்தார்கள், திருத்தமும் எல்லோர் கண்முன்னே நடந்தது. `v1`ஐயும் `v2`வையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து எங்கே என்ன மாறியது என்று பாருங்கள். பாடப் புத்தகத்தைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கணக்கெல்லாம் சரியா இருந்து, டேட்டாவே பொய்யா இருந்தா?

அப்போது கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. மூலத் தரவைத் திறந்தால்தான் தெரியும்.

2020 நவம்பரில் ரிசர்ச் ஸ்கொயர் என்ற தளத்தில் எகிப்திலிருந்து, ஐவர்மெக்டின் என்ற மருந்தைக் கொரோனாவுக்குக் கொடுப்பது பற்றி ஒரு ப்ரீபிரிண்ட் வந்தது. இறப்பை மிகப் பெரிய அளவில் குறைக்கிறது என்றது. பல ஆய்வுகளைத் திரட்டி ஒரே முடிவு காணும் தொகுப்பாய்வுகளிலும் அதை மற்றவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். லண்டனில் மருத்துவம் சார்ந்த படிப்பில் இருந்த ஜாக் லாரன்ஸ் என்ற மாணவர், அதோடு இணைத்திருந்த தரவுக் கோப்பைத் திறந்தார். கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தது, `1234` என்று ஊகித்துத் திறந்தார். உள்ளே ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவர்கள் நோயாளிகளாக இருந்தார்கள். ஒரே வரிசை திரும்பத் திரும்ப நகலாகியிருந்தது. கட்டுரையில் இருந்த எண்ணும் கோப்பில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. 2021 ஜூலையில் தளம் அந்தக் கட்டுரையை விலக்கியது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது தொகுப்பாய்வுகளின் முடிவும் தளர்ந்தது.

நாம் செய்யக்கூடியது சின்ன வேலைதான். `Data/Code` பகுதியில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திறந்து தேதிகளை வரிசைப்படுத்துங்கள், வயதும் ரத்த அளவும் அச்சு மாறாமல் அடுத்தடுத்த வரியில் வருகிறதா என்று பாருங்கள். ‘கேட்டால் தருவோம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கட்டுரைக்கு நான் ஒரு படி குறைவாகவே மதிப்புக் கொடுப்பேன்.

அப்போ ஜர்னல்ல வந்ததை மட்டும் நம்பினா போதாதா?

போதாது. 2020 மே 22 அன்று ‘லான்செட்’ என்ற மருத்துவ ஜர்னலில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைக் கொரோனாவுக்குக் கொடுப்பது பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தது. மதிப்பாய்வு முடித்து வந்ததுதான். தரவு சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்திடமிருந்து வந்தது, அந்தத் தரவை யாருக்கும் சரிபார்க்கக் கொடுக்க முடியவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பாய்வு செய்தவர்கள் மூலத் தரவைப் பார்க்கவே இல்லை, பெரும்பாலும் பார்ப்பதும் இல்லை. மதிப்பாய்வு ஒரு சல்லடை, அவ்வளவுதான்.

நான் நர்சிங் மூணாவது வருஷம். அசைன்மென்ட்ல ப்ரீபிரிண்டை மேற்கோள் காட்டலாமா?

காட்டலாம். பெயருக்குப் பக்கத்தில் ‘ப்ரீபிரிண்ட்’ என்று எழுதுங்கள், எந்தப் பதிப்பு என்றும் எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். சமர்ப்பிக்கும் நாளன்று காலையில் ஒருமுறை `Info/History` திறந்து பாருங்கள். ஜர்னலில் வந்துவிட்டிருந்தால் அதையே காட்டுங்கள், எண்கள் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எங்க அப்பா ஒரு ப்ரீபிரிண்ட் செய்தியைப் பார்த்துட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்தறேன்றார். என்ன சொல்றது?

மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் வாதாடாதீர்கள். அவரோடு உட்கார்ந்து போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ‘சிகிச்சைக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஆய்வாளர்களின் தளமே எழுதி வைத்திருக்கும் அந்த வரியைக் காட்டி, தமிழில் படித்துச் சொல்லுங்கள். எத்தனை பேரிடம் செய்த ஆய்வு என்று அவரையே தேடச் சொல்லுங்கள். எண்ணைக் கண்டுபிடித்தவுடன் பெரும்பாலானவர்கள் தாங்களாகவே ‘இவ்வளவு பேர்தானா?’ என்று கேட்பார்கள். அந்த லிங்கைச் சேமித்து வைத்து, அடுத்த முறை ஸ்டான்லிக்கோ நகர நல மையத்துக்கோ மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அதுவரை காலையில் ஒன்று, வழக்கம்போல.